25, 30, 60 ஒரே டைம்லைனில்: ஜெர்க்கும் மங்கலும் எங்கிருந்து வருகின்றன

கல்யாண வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால், கைக்கு வரும் ஃபைல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. மண்டபத்தில் ஸ்டாண்டு போட்டு எடுத்த பெரிய கேமராவின் ஃபைல் 4கே, வினாடிக்கு 25 ஃபிரேம். ட்ரோன்காரர் கொடுத்தது 4கே, ஆனால் 30 ஃபிரேம். வரவேற்பில் ஆடிய டான்ஸை மாப்பிள்ளையின் தம்பி போனில் எடுத்திருக்கிறார், ஃபுல் எச்.டி., 60 ஃபிரேம். கல்யாணத்துக்கு வர முடியாத சிங்கப்பூர் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்து, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. அகலம் 480, உயரம் 848.

நான்கையும் ஒரே டைம்லைனில் போட்டால் எந்த மென்பொருளும் மறுக்காது. இழுத்துப் போட்டதும் ஓடிவிடும். கேமரா ஷாட்டிலிருந்து ட்ரோன் ஷாட்டுக்குப் போகும்போதுதான் கோபுரம் திக்கித் திக்கி நகர்வது தெரியும். அதைச் சரிசெய்ய ஏதோ ஒரு செட்டிங்கைத் தட்டினால், ஜெர்க் போய் மங்கல் வந்துவிடும். இரண்டும் எப்படி உண்டாகின்றன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் எந்தக் கிளிப்புக்கு எது மருந்து என்று நீங்களே சொல்லிவிடலாம். இங்கே டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களில் பட்டன்களின் பெயர்தான் மாறும், கணக்கு மாறாது.

முதலில் டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை முடிவு செய்ய வேண்டும், அதுவும் கிளிப்பைப் போடுவதற்கு முன்பே. ரிசால்வில் கிளிப்புகள் டைம்லைனில் ஏறியபின் அந்த எண்ணை மாற்ற முடியாது. நீங்கள் எதையும் தொடாவிட்டால் புது புராஜெக்ட் 24-இல் நிற்கும். முதல் கிளிப்பைக் கொண்டுவரும்போது, ஃபிரேம் ரேட்டை மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் அதைப் படிக்காமலேயே அழுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் முதலில் வந்தது ட்ரோன் கிளிப்பாக இருந்தால், மொத்தக் கல்யாணமும் 30-க்குப் போய்விடும்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? எந்தக் கிளிப்பில் கை வைக்கவே கூடாதோ, அதன் எண்ணை. நம் கதையில் அது பெரிய கேமரா. மந்திரமும் நாதஸ்வரமும் பேச்சும் சத்தத்தோடு மணிக்கணக்கில் அதில்தான் இருக்கின்றன. அவற்றை வேகப்படுத்தவோ மெதுவாக்கவோ முடியாது. ட்ரோன் ஷாட் மொத்தமே சில நிமிடம்தான், சத்தமும் வேண்டாம், எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஆகவே 25. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுத்தால் மண்டப விளக்குகள் மினுக்காது. கல்யாண கேமராக்காரர்கள் 25-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஜெர்க். ட்ரோன் கிளிப்பில் ஒரு வினாடிக்கு 30 படங்கள், டைம்லைனில் ஒரு வினாடிக்கு 25 இடங்கள். 5 படங்கள் வெளியே போயாக வேண்டும். மென்பொருள் அவற்றைச் சீராகப் பிரித்து எடுக்கும். கிளிப்பின் படங்களை 0, 1, 2, 3, 4, 5, 6 என்று எண்ணினால், டைம்லைனில் வருவது 0, 1, 2, 3, 4, அடுத்து நேராக 6. பிறகு 7, 8, 9, 10, அடுத்து 12. ஒவ்வொரு ஆறாவது படமும் காணாமல் போகிறது.

5 படம் போனால் என்ன, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ட்ரோன் மெல்லப் பக்கவாட்டில் நகர, கோபுரத்தின் ஓரம் ஒரு படத்துக்கு 10 பிக்சல் இடம் மாறுகிறது என்று வையுங்கள். இப்போது திரையில் அது 10, 10, 10, 10, 20, 10, 10, 10, 10, 20 என்று நகரும். வினாடிக்கு 5 முறை ஒரு தாவல். படிக்கட்டில் இறங்கும்போது ஐந்தாவது அடியில் மட்டும் இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டுவது போல. படம் குறைந்ததைக் கண் கண்டுபிடிப்பதில்லை, நடை சீராக இல்லாததைத்தான் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் ஆள் உட்கார்ந்து பேசும் ஷாட்டில் இதே 5 படங்கள் போனாலும் ஒன்றும் தெரியாது. கேமரா ஒரே சீராக நகரும் ஷாட்டில் உடனே தெரிந்துவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். ட்ரோன் ஷாட்டை டைம்லைனில் நிறுத்தி, வலது அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். கோபுர ஓரத்தையே கவனியுங்கள். நான்கு தட்டுக்கு ஒரே அளவு நகரும், ஐந்தாவது தட்டுக்கு இரட்டிப்பாக நகரும். இந்த ஒழுங்கு தென்பட்டால் ஜெர்க் டைம்லைனிலேயே இருக்கிறது, எக்ஸ்போர்ட்டிலும் வரும். மாறாக, தட்டிப் பார்த்தால் எல்லா அசைவும் சீராக இருக்கிறது, ஓட விடும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால், அது உங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவது. அதற்கு ஃபிரேம் ரேட்டைத் தொடவே வேண்டாம். 4கே கிளிப்புகளுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் சின்ன நகல், உருவாக்கினால் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாக இருக்கும் கிளிப்பை ஏதேதோ செய்து கெடுப்பவர்கள்தான் அதிகம்.

சரி, ட்ரோன் ஷாட்டை என்ன செய்வது? அதன் 30 படங்களில் ஒன்றைக்கூடத் தள்ளாமல், அத்தனையையும் வரிசையாக 25-இல் ஓட விட்டுவிடலாம். ஒரு படத்துக்கு ஓர் இடம். வேகம் 83 சதவீதத்துக்கு இறங்கும், 6 வினாடி ஷாட் 7.2 வினாடியாகும், கோபுரம் 10, 10, 10 என்று சீராக நகரும். ட்ரோன் கொஞ்சம் மெதுவாகப் பறந்ததாகத் தெரியும், அவ்வளவுதான். ட்ரோன் ஷாட்டுக்கு அது அழகு என்றே சொல்வேன். மீடியா பூலில் கிளிப்பின் மேல் வலது க்ளிக் செய்து `Clip Attributes` திறந்து, `Video Frame Rate` என்ற இடத்தில் 25 கொடுத்தால் வேலை முடிந்தது. டைம்லைனில் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் நீளம் மாறி, வெட்டிய இடங்கள் கலையும்.

சத்தம் வேண்டிய ஷாட்டுக்கும், ஆள் நடந்து போவது போல வேகம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும் ஷாட்டுக்கும் இந்த வழி ஆகாது. அங்கேதான் `Retime Process` வருகிறது. கிளிப்பைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்பெக்டரில் `Retime and Scaling` என்ற பகுதியில் அது இருக்கும். மூன்று தேர்வுகள். `Nearest` என்பது மேலே பார்த்தது: பக்கத்தில் இருக்கும் முழுப் படத்தை எடுத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளும். `Frame Blend` இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நடுப்படம் செய்யும். `Optical Flow` எந்தப் புள்ளி எங்கிருந்து எங்கே போகிறது என்று கணித்து, இல்லாத படத்தையே வரைந்து தரும்.

மங்கலின் பிறப்பிடம் பெரும்பாலும் இந்த `Frame Blend`தான். கோபுர ஓரம் ஒரு படத்தில் இங்கேயும் அடுத்த படத்தில் 10 பிக்சல் தள்ளியும் இருந்தால், கலந்த படத்தில் இரண்டு ஓரங்களும் பாதி பாதியாகத் தெரியும். ஓடும்போது ஜெர்க் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஓரங்கள் எல்லாம் ஃபோகஸ் போனது போலத் தோன்றும். லென்ஸ் சரியில்லை என்று கேமராக்காரரைத் திட்டுவதற்கு முன், அந்தக் கிளிப்பை நிறுத்தி ஒரு படத்தைப் பாருங்கள். ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் குற்றவாளி இங்கே இருக்கிறார். இதை நான் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

`Optical Flow` கூர்மையைக் காப்பாற்றும். கோபுரம், மண்டப வாசல், தோரணம் போன்ற கெட்டியான பொருள்கள் சீராக நகரும் ஷாட்டில் அருமையாக வேலை செய்யும். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை தூவும் ஷாட்டை யாரோ 30 ஃபிரேமில் போனில் எடுத்திருக்கிறார்கள், அதற்கு இதைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்கிறது, ஒன்றையொன்று மறைக்கிறது, முகத்துக்கு முன்னால் கடக்கிறது. எந்த அரிசி எங்கே போனது என்று மென்பொருளால் பின்தொடர முடியாமல், அது பக்கத்தில் இருக்கும் முகத்தையும் சேர்த்து இழுத்துவிடும். மணப்பெண்ணின் கன்னம் ஒரு படத்துக்கு மட்டும் நெளியும், அரிசி கரைந்து கோடாகும். பூத்தூவல், மத்தாப்பு, குறுக்கும் நெடுக்குமாக ஆடும் கைகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. அப்படிப்பட்ட ஷாட்டுக்கு `Nearest`தான் நல்லது. ஏற்கெனவே கலவரமான அசைவில் ஒரு படம் குறைவது யாருக்கும் தெரியாது. கன்னம் நெளிந்தால் தெரியும்.

எனவே மொத்த புராஜெக்டுக்கும் ஒரே செட்டிங் என்று வைக்காமல், புராஜெக்டை `Nearest`-இல் விட்டுவிட்டு, தேவைப்படும் கிளிப்புக்கு மட்டும் `Optical Flow` கொடுத்து, போட்ட இடத்தை ஒவ்வொரு படமாகத் தட்டிப் பாருங்கள்.

அடுத்து டான்ஸ், 60 ஃபிரேம். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. முழு எண் இல்லை, எனவே மென்பொருள் 2, 2, 3, 2, 3 என்று தாவித் தாவி எடுக்கும். இதுவும் சீரில்லைதான், ஆனால் 30-ஐ விட மேல். அங்கே ஒரு தாவல் மற்றதைப் போல இரண்டு மடங்கு. இங்கே ஒன்றரை மடங்குதான். டான்ஸில் அதைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும். பாட்டோடு சேர்ந்த பகுதியை அப்படியே `Nearest`-இல் விடுங்கள். அதே கிளிப்பில் மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றிவிடும் இடம் ஸ்லோ மோஷன் வேண்டுமா? கிளிப்பை மீடியா பூலில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கு மட்டும் 25 கொடுங்கள். ஒரு வினாடி 2.4 வினாடியாக விரியும், ஒவ்வொரு படமும் உண்மையானது, கணித்து வரைந்தது ஒன்றும் இல்லை. 30 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகத்துக்கு இழுத்துவிட்டு ஸ்லோ மோஷன் ஏன் கரகரவென்று இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: நிரப்ப அங்கே படங்களே இல்லை.

50 ஃபிரேம் எடுத்துத் தரும் ஆள் கிடைத்தால் கும்பிடுங்கள். 50-இல் சரிபாதி 25. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் போதும், ஜெர்க் என்ற பேச்சே இல்லை. ஐபோனில் கேமரா செட்டிங்கின் `Record Video` பகுதியில் `Show PAL Formats` என்பதைத் தட்டிவிட்டால் 25 ஃபிரேம் தேர்வு வந்துவிடும். ஆண்ட்ராய்டில் பல போன்களின் சொந்த கேமராவில் 25 இருக்காது; பிளாக்மேஜிக் கேமரா போன்ற ஆப் போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னாடியே தம்பியிடம் சொல்லிவைத்தால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம்.

சித்தப்பாவின் வாழ்த்தில் வேறொரு சிக்கல். போன் ஃபைல்களில் பெரும்பாலும் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே படங்களைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வினாடிக்கு 30, அடுத்ததில் 27, பிறகு 24 என்று ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான இடைவெளியை எதிர்பார்க்கும் என்பதால், போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் விலகினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். `MediaInfo` என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள். `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருந்தால் உறுதி.

மருந்து, டைம்லைனுக்குக் கொண்டுவருவதற்கு முன் அதை நிலையான ரேட்டுக்கு மாற்றிவிடுவது. கட்டளை தட்டி இயக்கும் `ffmpeg` என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i vaazhthu.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 16 -c:a aac -b:a 192k vaazhthu_25.mp4
```

`fps=25` என்பது ஒவ்வொரு படமும் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, அதற்கேற்ப வினாடிக்கு 25 படங்களாக அடுக்கும்; அதனால் குரல் விலகாது. `crf 16` தரத்துக்கானது, எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். சித்தப்பா ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிறார், அதனால் 25-க்கு நேராகக் கொண்டுவருவதில் நஷ்டம் இல்லை. இதே நிலையில் ஒரு டான்ஸ் கிளிப் இருந்தால், ஸ்லோ மோஷனுக்குப் படங்கள் மிச்சம் இருக்கட்டும் என்று `fps=60` கொடுத்து மாற்றுவேன்.

இனி சைஸ். இங்கே ஒரே ஒரு கேள்விதான்: கிளிப்பின் சொந்த பிக்சல்களை எவ்வளவு பெரிதாக்குகிறோம்? சிறிதாக்கினால் மங்கல் இல்லை. பெரிதாக்கினால், இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டும். அங்கேதான் பிசுபிசுப்பு வரும்.

டைம்லைனை 1920-க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். 4கே கிளிப் 3840 அகலம், பாதியாகச் சுருங்கி உட்காரும். இருமடங்கு வரை ஜூம் செய்து தாலி முடிச்சைக் கிட்டத்தில் காட்டினாலும் ஒரு பிக்சல்கூட ஊகம் இல்லை. கையில் 4கே இருந்தும் டைம்லைனை ஃபுல் எச்.டி.யில் வைப்பதன் பெரிய லாபமே இதுதான். தம்பியின் டான்ஸ் கிளிப் சரியாக 1920, அப்படியே பொருந்தும். ஆனால் அதை ஜூம் செய்ய அவ்வளவாக இடமில்லை. 10 சதவீதம் தாண்டினால் பக்கத்து ஷாட்டோடு ஒப்பிடும்போது மென்மையாகத் தெரியும். டைம்லைன் 4கே என்றால் இதே டான்ஸ் கிளிப்பை இருமடங்காக ஊதிப் பெருக்க வேண்டியிருக்கும். டெலிவரி 4கேயில்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்காதவரை கலப்பு ஃபைல்களுக்கு ஃபுல் எச்.டி. போதும் என்பது என் கட்சி.

பிரீமியர் புரோ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே `Scale to Frame Size` என்ற தேர்வு 4கே கிளிப்பை முதலில் 1920-க்குச் சுருக்கி, அந்தச் சுருங்கிய படத்தையே கையில் கொடுக்கும். அதன்பின் ஜூம் செய்தால் மங்கும், கையில் 4கே இருந்தும் பயனில்லை. அதற்குப் பதிலாக `Scale` எண்ணை 50 என்று நீங்களே கொடுங்கள். ரிசால்வில் இந்தத் தொல்லை இல்லை, ஜூம் மூல ஃபைலிலிருந்தே நடக்கும்.

சித்தப்பாவுக்கு வருவோம். 480 அகலத்தைத் திரை முழுக்க நிரப்ப 1920 ஆக்கினால் நான்கு மடங்கு. முகம் கட்டம் கட்டமாக உடையும், தலையும் தாடையும் வெட்டுப்படும். முழுவதும் தெரியும்படி பொருத்தினால், உயரம் 848-லிருந்து 1080, அதாவது 1.27 மடங்கு, அகலம் சுமார் 611. அது தாங்கும். இன்ஸ்பெக்டரில் `Scaling` என்பதை `Fit` என்று வைத்தால் இதுதான் நடக்கும், `Fill` என்று வைத்தால் அந்த நான்கு மடங்கு. இரண்டு பக்கமும் மிஞ்சும் கறுப்பை மறைக்க, அதே கிளிப்பைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் போடுவது எல்லோரும் செய்வது. எனக்கு அது பிடிப்பதில்லை, அசையும் மங்கல் கண்ணை இழுக்கிறது. பத்திரிகை அட்டையின் நிறத்தில் ஒரு பின்னணி போட்டு, சித்தப்பாவை இடது பக்கம் நகர்த்தி, வலது பக்கம் பெயரையும் உறவையும் எழுதினால் கல்யாண வீட்டாருக்கும் திருப்தியாக இருக்கும். முடிந்தால் அவரையே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அழுத்திச் சுருக்காத மூல ஃபைல் வந்துவிடும். அது 1080-க்கு 1920 ஆக இருந்தால் பெரிதாக்கவே வேண்டியதில்லை, `Fit`-இல் சிறிதாகத்தான் ஆகும்.

எடிட் செய்யும்போது மட்டும் எல்லாமே மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வேகத்துக்காக பிரிவ்யூவின் தரத்தைப் பாதி, கால் என்று `Playback` மெனுவில் குறைத்து வைத்திருப்பீர்கள், அல்லது ப்ராக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்போர்ட்டை அது பாதிக்காது. ஒரு விதிவிலக்கு, `Deliver` பக்கத்தில் `Use proxy media` என்ற பெட்டியில் டிக் இருந்தால் அந்தச் சின்ன ஃபைல்களே வெளியே போகும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் ஃபிரேம் ரேட்டும் 25 தானா என்று அங்கேயே பாருங்கள்.

முழு மூன்று மணி நேரத்தையும் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கேமராவிலிருந்து ட்ரோனுக்கு மாறும் இடம், அட்சதை, டான்ஸ், சித்தப்பா பேசி முடிக்கும் கடைசி வினாடிகள் என்று சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் ரெண்டர் செய்து, கம்ப்யூட்டரில் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றி டி.வி.யில் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் மானிட்டர் பெரும்பாலும் வினாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்ளும், 25 அதில் சரியாக வகுபடாது. அதனால் சீரான 25 ஃபிரேம் வீடியோகூட மானிட்டரில் இலேசாக ஜெர்க் அடிப்பது போலத் தோன்றும். அதே காரணத்தால், வீடியோவை டி.வி.யில் யாருமே போடப் போவதில்லை, போனில்தான் பார்ப்பார்கள் என்றால், பெரிய கேமராவையே 30-இல் எடுக்கச் சொல்லி டைம்லைனையும் 30 ஆக வைக்கலாம். அப்போது ட்ரோன் அப்படியே பொருந்தும், தம்பியின் 60 சரிபாதியாகும். மண்டப விளக்கு மினுக்காமல் இருக்க ஷட்டரை மட்டும் 1/50-லேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் அந்த முடிவைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். எடிட்டிங் மேசையில் எடுக்க முடியாது.